பேத்தியின் பாட்டு எங்கே தங்குகிறது?

கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தி பள்ளி ஆண்டு விழாவில் பாடிய வீடியோவை, கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மா போன வருடம் தினமும் மாலையில் விளக்கேற்றியதும் பார்ப்பார். பள்ளிக்கூடம் பெற்றோர் குழுவில் ஓர் இணைப்பு அனுப்பியிருந்தது. மகள் அதை அப்படியே அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். நீல எழுத்து வரியைத் தொட்டால் பாட்டு வரும். பெரியம்மாவைப் பொறுத்தவரை பாட்டு அவருடைய டேப்லெட்டுக்குள் இருந்தது. கோடை விடுமுறை முடிந்த பிறகு ஒரு நாள் தொட்டபோது கறுப்புத் திரையும் Video unavailable என்ற இரண்டு சொற்களும்தான் வந்தன. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. டேப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துத் துணியால் துடைத்து, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார்.

டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடம் பழைய வீடியோக்களை இணையத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தது. இத்தனை மாதமாக அவர் பார்த்த வீடியோ டேப்புக்குள் ஒரு நாளும் தங்கியதே இல்லை. இணைப்பைத் தொட்டுப் பார்க்கும்போது, எங்கோ ஒரு கணினி வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. டேப் அடுத்த சில துண்டுகளை மட்டும் முன்கூட்டியே வாங்கித் தற்காலிகமாக வைத்துக்கொண்டு திரையில் ஓட்டுகிறது. ஓடி முடிந்த துண்டுகளுக்கு அதன்பின் அங்கே நிரந்தர இடம் கிடையாது. நூறு முறை பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதான், வைத்துக்கொண்டது ஆகாது. பெரியவர்கள் பலரும் ஏமாந்துபோகும் இடம் இதுதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருட விழா முடிந்ததும் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இந்தத் தடவை பாட்டு ஓடிப்போகக் கூடாது. பொட்டியில போட்டுப் பூட்டுற மாதிரி வச்சுக்கணும். எப்படின்னு எனக்கே சொல்லிக் குடு. நீ பண்ணிக் குடுத்துட்டுப் போனா அடுத்த வருஷம் நான் யாரைத் தேடுறது?”

வாட்ஸ்அப்பில் வந்திருந்த வீடியோவைத் திறந்தோம். மங்கலான ஒரு படம். அதன் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி, பக்கத்தில் 31 MB என்ற எண். இந்த அம்பு இருக்கும் வரை வீடியோ இன்னும் வீட்டுக்கு வரவில்லை. தெரிகிற மங்கல் படம் கூடவே வந்த ஒரு சின்ன மாதிரிப் படம் மட்டுமே. அம்பைத் தொட்டால் ஒரு வட்டம் சுற்றி முழுமையடையும். பிறகு அம்பு மறைந்து படம் தெளிவாகும். இதை நாள் கடத்தக் கூடாது. அனுப்பிய வீடியோ நிறுவனத்தின் கணினியில் சில காலம்தான் காத்திருக்கும். ரொம்ப நாள் கழித்துத் தொட்டால், அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்ற பதில்தான் வரும்.

வட்டம் சுற்றி முடிந்தது. “இப்ப உள்ள வந்துடுச்சா? எப்படித் தெரியும்?” என்றார் பெரியம்மா. நல்ல கேள்வி. அதற்கு ஒரே ஒரு சோதனை போதும். திரையின் மேல் விளிம்பிலிருந்து விரலைக் கீழே இழுத்தால் வரும் சின்னங்களில் விமானப் படத்தைத் தொட வேண்டும். வைஃபை தனியாக எரிந்துகொண்டிருந்தால் அதையும் அணைக்க வேண்டும். இப்போது டேப்புக்கும் வெளியுலகுக்கும் தொடர்பே இல்லை. இந்த நிலையில் வீடியோவை ஓட்டிப் பார்த்தோம். தொடக்கத்தில் தம்பூரா ஒலி, பிறகு பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டாவது வரிசையில் நீலப் பாவாடையில் பாப்பா, கையில் ஜால்ரா. கடைசி கைதட்டல் வரை தடையில்லாமல் ஓடியது. போன வருட இணைப்பைத் தொட்டுக் காட்டினேன். அது இணையம் இல்லை என்று நின்றுவிட்டது. பெரியம்மா இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். பிறகு தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஓர் அம்பும் ஒரு விமானமும் வரைந்துகொண்டார்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை இதை எழுத வைத்தது. “சரி, வந்துடுச்சு. இதுக்குள்ள எங்க இருக்கு? எப்படி இருக்கு?”

எப்படி இவ்வளவு சிறிதாக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு நிமிட வீடியோ என்பது அசையாத படங்களின் வரிசை. விநாடிக்கு 30 படம். இன்றைய ஃபோன் கேமராக்களில் வழக்கமான அளவில் ஒரு படத்தில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். அதாவது 20 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் குறிக்க மூன்று பைட் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்துக்கே 62 லட்சம் பைட். விநாடிக்கு 18 கோடிக்கு மேல். நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 ஜிகாபைட்! பெரியம்மாவின் டேப்பின் மொத்தக் கொள்ளளவு 64 ஜிபி. அதிலும் ஒரு பகுதியை அதன் சொந்த மென்பொருளே பிடித்துக்கொள்ளும். இருந்ததை இருந்தபடி வைத்தால் ஒரு பாட்டே பெரும்பகுதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வந்தது 31 எம்பி. சுமார் 1,400-இல் ஒரு பங்கு.

இந்தச் சுருக்கத்தில் முக்கியமாக இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. முதலாவது, மாறாததைத் திரும்பச் சொல்லாமல் விடுவது. மேடையின் பின்னால் மெரூன் திரைச்சீலை, அதில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். நான்கு நிமிடமும் அவை அசையவில்லை. எனவே சுருக்கும் மென்பொருள் அவ்வப்போது ஒரு முழுப் படத்தை எழுதிக்கொண்டு, அடுத்து வரும் படங்களுக்கு ‘முன்படத்தைப் போலவே, இந்தக் கட்டம் மட்டும் இரண்டு புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது’ என்பது போன்ற குறிப்புகளை மட்டுமே எழுதுகிறது. உட்கார்ந்து பாடும் பிள்ளைகளில் உதடும் தலையும் ஜால்ரா தட்டும் கையும்தான் நகர்கின்றன. அந்தச் சில கட்டங்களுக்குத்தான் செலவு.

இரண்டாவது, கண் கவனிக்காததை எடுத்துவிடுவது. இதற்குப் பின்னால் நம் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. பெங்களூரில் 1940-இல் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நாசிர் அகமது, படங்களைச் சுருக்க ஒரு கணித வழி சொன்னார். படத்தின் ஒரு சிறு கட்டத்தைப் புள்ளி புள்ளியாகச் சொல்லாமல், மெதுவாக ஏறி இறங்கும் அலைகளும் நெருக்கமாக ஏறி இறங்கும் அலைகளும் இன்ன அளவில் கலந்தது என்று சொல்லலாம் என்பதுதான் அதன் சாரம். கன்னத்தின் வெளிச்சமும் பாவாடையின் நிறமும் பெரும்பாலும் மெதுவான அலைகளில் அடங்கிவிடும். நெருக்கமான அலைகளைக் குறைத்து எழுதினாலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இதை ஆராயப் பணம் கேட்டு அவர் 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார்; கிடைக்கவில்லை. ஆனாலும் விடாமல், தன் மாணவர் டி. நடராஜனுடனும் நண்பர் கே. ஆர். ராவுடனும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். ராவ் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இன்று வாட்ஸ்அப்பில் வரும் புகைப்படமும் வீடியோவும் அந்தக் கணிதத்தின் ஏதாவதொரு வடிவத்தில்தான் சுருங்குகின்றன. பணம் மறுக்கப்பட்ட ஒரு யோசனை ஏறத்தாழ உலகின் எல்லாக் கைபேசிகளிலும் ஓடுகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது.

சுருக்கத்துக்கு விலை உண்டு. அந்த விலையைக் கண்டுபிடித்தது பெரியம்மாதான். பாட்டு முடிந்ததும் ஆசிரியைகள் காகிதப் பூவை அள்ளித் தூவுகிறார்கள். வண்ண விளக்குகள் வேறு மின்னுகின்றன. அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். “இங்க பாரு, இதுவரைக்கும் பளிச்சுன்னு இருந்த புள்ள மூஞ்சி, பூ போட்டதும் கட்டம் கட்டமாப் போயிடுச்சு.” உண்மைதான். நூற்றுக்கணக்கான காகிதத் துண்டுகள் ஆளுக்கொரு திசையில் பறக்கும்போது, முன்படத்தைப் போலவே என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. விளக்கு மின்னும்போது திரைச்சீலையின் நிறமே மாறிவிடுகிறது. எல்லாக் கட்டத்தையும் புதிதாக எழுத வேண்டும். ஆனால் ஒரு விநாடிக்குச் செலவழிக்கக்கூடிய அளவுக்கு வரம்பு உண்டு. எனவே ஒவ்வொரு கட்டத்தையும் சுருக்கும்போது நுண்மையான அலைகள் எல்லாம் போய், மொத்தமான நிறம் மட்டும் தங்குகிறது. கட்டங்களின் ஓரங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன.

இப்படி ஒரு முறை போன நுண்மை திரும்ப வராது. நான்கு குழுக்கள் தாண்டி வந்த வீடியோ மேலும் மங்கியிருந்தால் காரணம், வழியில் யாரோ அதை வெட்டியோ பாட்டுச் சேர்த்தோ மறுபடி சுருக்கியிருப்பார்கள். அசல் வேண்டுமானால் எடுத்தவரிடமே கேட்க வேண்டும். பாப்பாவின் அப்பா தன் ஃபோனில் எடுத்த அசல் 510 எம்பி இருந்தது. அதை வீடியோவாக அனுப்பாமல், டாக்குமென்ட் என்ற வழியில் கோப்பாகவே அனுப்பச் சொன்னோம்; அப்படி அனுப்பினால் செயலி அதைச் சுருக்குவதில்லை. வந்து சேர வெகுநேரம் ஆனது. பூ தூவும் இடத்தில் இப்போது முகம் கலையாமல் இருந்தது; பாப்பாவின் தலையில் ஒட்டிய ஒரு ரோஜா நிறக் காகிதம்கூடத் தனியாகத் தெரிந்தது. பெரியம்மாவுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

சரி, ‘இதுக்குள்ள எங்க இருக்கு?’ என்ற கேள்விக்கு வருவோம்.

டேப்பின் உள்ளே விரல் நகத்தளவு கறுப்புச் சில்லு ஒன்று இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகம் என்பது அதன் பெயர். அதில் கோடானுகோடி நுண்ணறைகள். ஒவ்வோர் அறையும் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: தனக்குள் போட்ட எலக்ட்ரான்களை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பது. அறையைச் சுற்றி மின்சாரம் கடக்க முடியாத படலம் இருக்கிறது. எலக்ட்ரான்கள் நுழையும் பக்கத்தில் அதன் தடிமன் பத்து நானோமீட்டரை ஒட்டி இருக்கும். ஒரு தலைமுடியின் குறுக்களவில் அப்படிப்பட்ட படலங்களை ஆயிரக்கணக்கில் அடுக்கலாம்.

கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை என்றால் எலக்ட்ரான் எப்படி உள்ளே போகிறது? அன்றாடப் பொருள்களில் நடக்காத ஒன்று அங்கே நடக்கிறது. எழுதும் நேரத்தில் சில்லு தனக்குள்ளேயே சுமார் 20 வோல்ட் அழுத்தத்தை உண்டாக்குகிறது. டேப்பின் பேட்டரி தருவதோ நான்கு வோல்ட்டை ஒட்டித்தான். அந்த அழுத்தத்தில் எலக்ட்ரான்கள் படலத்தை உடைக்காமலே மறுபக்கம் போய்விடுகின்றன. குவாண்டம் இயற்பியலில் இதைச் சுரங்கப் பாய்வு என்பார்கள். அழுத்தத்தை எடுத்துவிட்டால் அவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். டேப்பை அணைத்தாலும், பேட்டரி முழுக்கத் தீர்ந்தாலும் அங்கேயே இருக்கும். இப்படி எலக்ட்ரானை அடைத்து வைக்கும் அமைப்பை 1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் ஸீ என்ற இருவர் உருவாக்கினார்கள். அதிலிருந்து ஃபிளாஷ் நினைவகத்தை உண்டாக்கியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா. 1984-இல் உலகுக்குச் சொன்னார்.

ஓர் அறைக்குள் எலக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1, கிடைக்கும். இப்போதைய சில்லுகள் பலவற்றில் அதற்கு மேலும் நுட்பம் வந்துவிட்டது. மருந்துக்குப்பியின் மூடியில் கோடு போட்டு இருப்பதைப் போல, காலியிலிருந்து நிறைவு வரை எட்டு அளவுகளைப் பிரித்தறிகிறார்கள். எட்டில் எந்த அளவு என்று தெரிந்தால் மூன்று பிட். அந்தக் கணக்கில் பாப்பாவின் 31 எம்பி வீடியோ சுமார் எட்டேகால் கோடி அறைகளில் பரவி இருக்கிறது. ஓர் அறையில் மிஞ்சிப் போனால் சில நூறு எலக்ட்ரான்கள். அந்த ஜால்ரா சத்தமும் நீலப் பாவாடையும் அவ்வளவுதான்.

“அப்ப இது கனம் கூடியிருக்கணுமே?” என்று பெரியம்மா டேப்பைக் கையில் தூக்கிப் பார்த்தார். எலக்ட்ரான்கள் வெளியிலிருந்து வரவில்லை. ஏற்கெனவே சில்லுக்குள் இருந்தவைதான் அறைக்கு வெளியிலிருந்து உள்ளே இடம் மாறியிருக்கின்றன. வைஃபை வழியே வந்தது பொருள் இல்லை, 0, 1 என்ற பிட்களின் ஒழுங்கு மட்டுமே. கோயம்புத்தூரில் மருமகன் ஃபோனில் இருக்கும் அதே ஒழுங்கு இப்போது கும்பகோணத்திலும் இருக்கிறது.

இந்த அறைகள் என்றைக்கும் காக்கும் என்று நம்பிவிட முடியாது. படலத்தின் வழியே எலக்ட்ரான்கள் மிக மெதுவாகக் கசியும். வெயிலில் நிறுத்திய கார், அடுப்பு மேடை போன்ற சூடான இடங்களில் கசிவு வேகமாகும். எழுதி அழித்து எழுதி அழித்துப் பழசான அறைகளில் படலமும் பலவீனமாகும். எட்டு அளவுகளை நெருக்கமாகப் பிரித்திருப்பதால், கொஞ்சம் குறைந்தாலும் பக்கத்து அளவாகத் தெரிய வாய்ப்பு உண்டு. சில்லின் உள்ளேயே பிழை திருத்தும் கணக்கு ஓடுவதால் சிறு கசிவுகளைச் சரிசெய்துகொள்ளும்; எல்லை தாண்டினால் முடியாது. டேப் கீழே விழுந்து உடைவதும் தண்ணீரில் நனைவதும் இதைவிட அடிக்கடி நடப்பவை. அதனால் இரண்டாவது பிரதி வேண்டும்.

அதற்காக ஒரு பென் டிரைவ் வாங்கி வந்தேன்; டேப்பின் சார்ஜர் துளையிலேயே நேரடியாகச் செருகக்கூடிய வகை. கோப்புகளைக் காட்டும் Files செயலியில் VID-20250208-WA0003.mp4 என்ற பெயரில் வீடியோ இருந்தது. VID என்றால் வீடியோ, அடுத்து வருடம், மாதம், நாள். WA என்பது வாட்ஸ்அப். பெரியம்மாவுக்கு எண்கள் நன்றாகத் தெரியும் என்பதால், பிப்ரவரி எட்டு என்று அவரே படித்துவிட்டார். கோப்பாக அனுப்பிய அசல், டாக்குமென்ட் பகுதியில் தனியாக இருந்தது. இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். பட்டும்படாமல் தொட்டு எடுத்தால் வீடியோ ஓட ஆரம்பித்துவிடுகிறது. தேர்ந்தெடுக்க, சுமார் அரை விநாடியாவது விரலை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். கண்ணாடி உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பெரியம்மா விரலை உடனே எடுத்தார். தொடுதிரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. விரல் கிட்டே வரும்போது அந்த இடத்தில் மின்னூட்டம் தாங்கும் அளவு மாறுவதைத்தான் அது உணர்கிறது. வயதானவர்களின் உலர்ந்த விரல்நுனி அந்த மாற்றத்தைக் குறைவாகவே தரும். அழுத்தி ஒன்றும் ஆகாது. கையைக் கழுவி லேசாகத் துடைத்துவிட்டு, விரலின் சதைப் பகுதியை வைத்து “ராமா ராமா” என்று சொல்லி எடுக்கச் சொன்னேன். பெயருக்குப் பக்கத்தில் டிக் விழுந்தது. பிறகு மூன்று புள்ளியைத் தொட்டு, நகர்த்துவதைத் தேர்ந்தெடுக்காமல் நகல் எடுப்பதைத் தேர்ந்தெடுத்து, பென் டிரைவைக் காட்டினார். நகர்த்தினால் டேப்பில் இருந்த பிரதி போய்விடும். மறுபடி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும்.

நகல் முடிந்ததும் இரண்டு இடத்திலும் கோப்பின் அளவை ஒப்பிட்டோம். இரண்டும் ஒன்றாக இருந்தன. பென் டிரைவிலிருந்தே ஓட்டியும் பார்த்தோம். அளவு குறைந்திருந்தாலோ பாதியில் நின்றாலோ நகல் முழுமையாக ஆகவில்லை என்று அர்த்தம். பென் டிரைவிலும் இருப்பது அதே வகை அறைகள்தான் என்பதால், அதைப் பீரோவில் போட்டு மறந்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது செருகி ஓட்டிப் பார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய ஒன்றுக்கு மாற்றுவது நல்லது. பொங்கலுக்குப் பீரோவை ஒழிக்கும்போது பார்த்துக்கொள்வதாகப் பெரியம்மா முடிவு செய்தார்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவைத்தேன். வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடலை மொத்தமாக அழிக்கும்போது, அதில் வந்த படங்களையும் வீடியோக்களையும் கருவியிலிருந்து நீக்கட்டுமா என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். அதில் டிக் இருந்தால், காலை வணக்கப் படங்களோடு பேத்தியின் பாட்டும் சேர்ந்து போய்விடும். ‘இடம் காலி செய்’ என்று கேட்கும் ஆல்பம் செயலிகளிலும் கவனம் தேவை. இணையத்தில் ஒரு பிரதி இருக்கிறது என்ற தெம்பில் அவை டேப்பில் உள்ளதை எடுத்துவிடும், சின்னப் படம் மட்டும் எப்போதும் போலத் தெரிந்துகொண்டிருக்கும். இதையும் விமானச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இப்படி ஒரு வீடியோவைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். இன்றைக்கு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, விமானச் சின்னத்தைத் தொட்டுவிட்டு அந்த வீடியோவை ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால், இணைப்பு உயிரோடு இருக்கும்போதே எடுத்தவரிடம் அசலைக் கேட்டு வாங்குங்கள். நகல் எடுக்கும் விரல் மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும்.